நவம்பரில் வரும் மாற்றல் உத்தரவு

வங்கி, ரயில்வே, ராணுவம், பொதுத்துறை நிறுவனம் என்று ஊர் ஊராக மாற்றலாகும் வேலையில் இருக்கும் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் ஆண்டு மட்டும் தனிக் கவலையோடு கழியும். ஜூன் மாதத்துக்குள் மாற்றல் வந்துவிட்டால் சமாளித்துவிடலாம். நவம்பரிலோ டிசம்பரிலோ வந்தால்தான் சிக்கல். அப்பா புதிய ஊரில் பொறுப்பேற்றாக வேண்டும், பிப்ரவரியில் பொதுத்தேர்வு. அந்த நேரத்தில் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை புதிய ஊரிலேயே தேர்வு எழுத முடியாதா? மையத்தை மட்டும் மாற்றித் தர மாட்டார்களா?"

பெரும்பாலும் முடியாது என்பதே பதில். ஆனால் அதன் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல என்பது தெரியும். சில காரணங்கள் உறுதியானவை. சில, வேறு வழியை யாரும் வகுத்துவைக்காததால் மட்டுமே நீடிப்பவை.

பொதுத்தேர்வு மையம் மாணவருக்கு ஒதுக்கப்படுவதில்லை, பள்ளிக்கு ஒதுக்கப்படுகிறது. பிரச்சினையின் வேர் இதுதான். ஒரு சிபிஎஸ்இ பள்ளியின் மாணவர்கள் மொத்தமாக, வழக்கமாக அருகிலுள்ள வேறொரு பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள். எந்த மையத்தில், எந்த நாளில், எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கிலிருந்துதான் மற்ற எல்லா ஏற்பாடுகளும் கிளைக்கின்றன. வினாத்தாள் கட்டுகள் அந்த எண்ணிக்கைப்படி முத்திரையிடப்பட்டு, மையத்துக்கு அருகிலுள்ள வங்கியின் பாதுகாப்பில் வைக்கப்படுகின்றன. விடைத்தாள், இருக்கை வரிசை, அறைக் கண்காணிப்பாளர், வருகைத்தாள் அனைத்தும் அதே எண்ணிக்கையைச் சார்ந்தவை. வெளியூரிலிருந்து ஒரு மாணவி வந்து சேர்வது ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போடும் வேலை அல்ல. அவளுடைய ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு நாளிலும் அந்தக் கணக்கைத் திருத்தியாக வேண்டும்.

அந்தக் கணக்கு உருவாகும் இடம் தேர்வர் பட்டியல். பள்ளி அலுவலகங்களில் இதை 'எல்.ஓ.சி.' என்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் வாரியத்தில் பதிவு செய்த மாணவர்களில், இந்த ஆண்டு தேர்வு எழுதப்போகிறவர்களைப் பாட வாரியாகப் பள்ளி இணையத்தில் ஏற்றும் பட்டியல் இது. 2025 தேர்வுக்கான பட்டியல் 2024 செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 4 வரை, தாமதக் கட்டணத்துடன் அதன் பிறகு சில நாட்கள் வரை ஏற்கப்பட்டது. மாற்றல் உத்தரவின் தேதி இந்தப் பட்டியலுக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பதே ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டைத் தீர்மானித்துவிடுகிறது. காரணம் எவ்வளவு நியாயமானது என்பது அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது.

கல்வியாண்டின் தொடக்க மாதங்களில் மாற்றல் வந்தால் பாதை தெளிவாகவே இருக்கிறது. மையத்தை மாற்றித்தரச் சொல்லி மனுப் போட வேண்டியதே இல்லை, பள்ளியையே மாற்றிவிடலாம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நேரடியாகச் சேர்வதை சிபிஎஸ்இ விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. அந்தத் தடைக்கு அவை கூறும் விதிவிலக்குகளில் முதன்மையானது, பெற்றோரின் பணியிட மாற்றமும் குடும்பம் ஊர் மாறுவதும்தான். புதிய பள்ளி வாரியத்தின் முன் அனுமதியைப் பெற்றுச் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றல் உத்தரவு, புதிய இடத்தில் பணியில் சேர்ந்ததற்கான சான்று, புதிய ஊரில் குடியிருப்பதற்கான ஆதாரம், முந்தைய வகுப்பின் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவை கேட்கப்படும். எல்.ஓ.சி.யில் பெயர் புதிய பள்ளியின் கீழ் வந்துவிட்டால், மையம் தானாகவே புதிய ஊரில் அமைந்துவிடும்.

இந்தப் பாதையை மிகவும் எளிதாக்கியவை கேந்திரிய வித்யாலயங்கள். 1963இல் ராணுவ ரெஜிமென்ட் பள்ளிகள் இருபதைக் கொண்டு மத்தியப் பள்ளிகள் திட்டம் தொடங்கியதன் நோக்கமே, அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் படிப்பு அறுபடக் கூடாது என்பதுதான். நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். ஒரு ஊரின் கேந்திரிய வித்யாலயம் தரும் மாற்றுச் சான்றிதழுடன் போனால், இன்னொரு ஊரின் கேந்திரிய வித்யாலயத்தில் இடம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அரசு இந்தப் பிரச்சினையை அடையாளம் கண்டு, அதற்காக ஒரு பள்ளி அமைப்பையே கட்டியது. ஆனாலும் அந்த ஏற்பாடு தீர்த்துவைத்தது ஆண்டுத் தொடக்கத்தில் வரும் மாற்றலைத்தான். எல்.ஓ.சி. முடிந்த பிறகு மாற்றலாகி வருபவரின் பிள்ளைக்கு அங்கும் தேர்வு மையம் பழைய ஊரிலேயே நிற்கும்.

அந்தக் காலகட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை உண்மையான 2025 அட்டவணையில் வைத்துப் பார்த்தால் புரியும். தந்தை மதுரையில் வங்கி அதிகாரி. 2024 நவம்பர் நடுவில் புணேவுக்கு மாற்றல். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல், ஆங்கிலம் என ஐந்து பாடங்கள். எல்.ஓ.சி. முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் பெயர் மதுரைப் பள்ளியின் கீழ் இருக்கிறது.

முதலில் வருவது செய்முறைத் தேர்வு. 2025 ஜனவரி 1 முதல் பிப்ரவரி 14 வரை அதற்கான காலம். இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் ஒவ்வொன்றிலும் 100இல் 30 மதிப்பெண் இதற்கு. வாரியம் நியமிக்கும் வெளித் தேர்வாளர் மாணவியின் சொந்தப் பள்ளிக்கு வந்து, அங்குள்ள ஆய்வகத்தில், அவள் ஆண்டு முழுவதும் எழுதிய ரெக்கார்டு நோட்டையும் செய்த ப்ராஜெக்டையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள 20 மதிப்பெண் அகமதிப்பீட்டையும் பள்ளிதான் தருகிறது. ஆக, எழுத்துத் தேர்வு தொடங்குவதற்கு முன்பே 500இல் 130 மதிப்பெண் பழைய பள்ளியோடு கட்டுண்டு கிடக்கிறது.

அடுத்து எழுத்துத் தேர்வு. அந்த ஆண்டு இயற்பியல் பிப்ரவரி 21, வேதியியல் 27, கணிதம் மார்ச் 8, ஆங்கிலம் மார்ச் 11, கணினி அறிவியல் மார்ச் 29. ஐந்து தேர்வுகளுக்கு 37 நாட்கள். இடைவெளிகள் ஆறு நாள், ஒன்பது நாள், மூன்று நாள், பதினெட்டு நாள். மதுரைக்கும் புணேவுக்கும் இடையே ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடைசி இடைவெளியைத் தவிர வேறெதிலும் புணேவுக்குப் போய்த் திரும்புவதில் பொருளில்லை. ஆக, செய்முறைத் தேர்வையும் சேர்த்தால் அவள் ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை மதுரையில் இருந்தே தீர வேண்டும்.

குடும்பங்கள் இதற்குக் கண்டிருக்கும் வழிகள் சிலதான். தாயும் மகளும் மதுரையிலேயே தங்க, தந்தை மட்டும் புணேவில் அறை எடுத்துக்கொள்வது. பாட்டி வீடோ அத்தை வீடோ இருந்தால் அங்கே விடுவது. பள்ளியில் விடுதி இருந்தால் அதில் சேர்ப்பது. மத்திய அரசு ஊழியர்களுக்கு, பிள்ளை உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தால் விடுதி மானியம் உண்டு. பழைய ஊரில் அரசுக் குடியிருப்பைப் பிள்ளையின் படிப்புக்காகக் கூடுதல் காலம் வைத்துக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம். தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இவற்றில் எதுவும் உரிமையாகக் கிடைப்பதில்லை. இரண்டு வீட்டு வாடகையைத் தாங்க முடியாதவர்களின் பிள்ளைகள் உறவினர் வீட்டுக் கூடத்தில் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். மையம் மாறாத விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் அதன் சுமை ஒன்றாக இல்லை.

மைய மாற்றத்துக்கு இருக்கும் மிக உறுதியான தடையைப் பார்க்க, இதே குடும்பத்தின் மகளைப் பத்தாம் வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். அவள் இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுத்திருக்கிறாள். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் வினாத்தாள்கள் புணேயின் எந்த சிபிஎஸ்இ மையத்திலும் இருக்கும். தமிழ்த் தாள் தேவைப்படும் மாணவர் எவரும் இல்லாத மையத்துக்குத் தமிழ் வினாத்தாள் அனுப்பப்படாது. ஒருத்திக்காக ஒரு முத்திரையிட்ட உறை போக வேண்டும். அந்த ஒரு விடைத்தாள் தமிழ் அறிந்த மதிப்பீட்டாளர் இருக்கும் ஊருக்கு வந்து சேர வேண்டும். பள்ளி மாற்றத்திலும் இதே முட்டுக்கட்டை உண்டு. புதிய பள்ளியில் தமிழ் இல்லையென்றால், பத்தாம் வகுப்பின் நடுவில் மராத்தியோ இந்தியோ படிக்கத் தொடங்க வேண்டும். ஊர் மாறும் பெற்றோர் பள்ளியின் பெயரையும் கட்டணத்தையும் விசாரிப்பதற்கு முன்னால், பிள்ளையின் ஒவ்வொரு பாடமும் அங்கே இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டியது இதனால்தான்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு எல்லை இன்னும் குறுகல். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பொதுத்தேர்வு மாநில அளவிலானது. மதுரையிலிருந்து கோவைக்கு மாற்றலானால், மாணவர் பெயர்ப் பட்டியல் இறுதியாகும் முன்பு மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் புதிய பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம். பெங்களூருவுக்கோ ஐதராபாத்துக்கோ மாற்றலானால் அங்கே அந்த வாரியத்தின் பள்ளியும் இல்லை, மையமும் இல்லை. பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் அல்லது தமிழ்நாட்டிலேயே தங்கி எழுத வேண்டும்.

பள்ளியை மாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. அது தேர்வு முடிந்த பிறகே தெரியவரும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து தமிழ்நாட்டிலேயே படித்தவர் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் புணேயில் படித்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்; வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். மையத்தை மட்டும் மாற்றி, பள்ளியை மாற்றாமல் இருக்க முடிந்தால் இந்தச் சிக்கலே எழாது.

தேர்வு வாரியங்கள் ஏன் இறங்கிவருவதில்லை என்பதற்கு, நடைமுறைச் சிரமத்துக்கு அப்பால் இன்னொரு காரணமும் இருக்கிறது. மையத்தை மாற்றும் வசதி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது மோசடிக்குப் பயன்படக்கூடும் என்ற அச்சம். 2024 நீட் தேர்வில் குஜராத்தின் கோத்ரா மையத்தைப் பற்றி எழுந்த வழக்கு இந்த அச்சத்தை வலுப்படுத்தியது. வேறு மாநில மாணவர்கள் சிலரைத் திட்டமிட்டு அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள் என்பது அங்கே எழுந்த குற்றச்சாட்டு. அந்த ஆண்டு நீட் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றத்திலும், விண்ணப்பத் திருத்தக் காலத்தில் எத்தனை பேர் ஊரை மாற்றினார்கள் என்ற கேள்வி எழுந்தது. தேர்வர் ஊரை மட்டும்தான் தேர்ந்தெடுக்கிறார், எந்தப் பள்ளியில் எழுதுவார் என்பதைக் கணினி ஒதுக்குகிறது என்பது தேசியத் தேர்வு முகமையின் விளக்கமாக இருந்தது.

நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளில் மையம் பள்ளியோடு கட்டப்பட்டிருக்கவில்லை. விண்ணப்பிக்கும்போதே விருப்ப ஊர்களைத் தரலாம். எந்த ஆண்டில் திருத்தக் காலத்தில் எந்த விவரத்தை மாற்ற அனுமதி உண்டு என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேடு சொல்லும். ஆனால் ஊர் ஒதுக்கப்பட்டுவிட்ட பிறகு எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கோரிக்கை ஏற்கப்படாது என்றும் அதே கையேடு சொல்கிறது. மாற்றல் வரும் வாய்ப்புள்ள குடும்பம், விருப்பப் பட்டியலில் இப்போதைய ஊரை மட்டும் நிரப்பாமல், தாத்தா வீடு இருக்கும் ஊர் போல எப்போதும் போய்த் தங்கக்கூடிய ஓரிடத்தையும் சேர்த்துக்கொள்வது பயன் தரும்.

பள்ளித் தேர்வில் அச்சம் வேறு வகையானது. பள்ளிக்கே போகாமல் பயிற்சி நிலையத்தில் மட்டும் படிக்கும் மாணவர்களைப் பெயரளவில் சேர்த்துக்கொள்ளும் 'டம்மி' பள்ளிகள் மீது சிபிஎஸ்இ சில ஆண்டுகளாக நடவடிக்கை எடுத்துவருகிறது. 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. பதிவு ஓர் ஊரில், வாழ்வது வேறோர் ஊரில் என்ற நிலையே வாரியத்துக்குச் சந்தேகத்தின் அடையாளம். நேர்மையாக ஊர் மாறிய குடும்பத்தின் பிள்ளையும் தாளில் அப்படித்தான் தோற்றமளிக்கிறாள். 75 சதவீத வருகைப் பதிவு என்ற விதியும் சேர்ந்துகொள்ளும்போது, டிசம்பரிலேயே புணேவுக்குப் போய்விட்ட மகளின் வருகைக் கணக்கு கேள்விக்குள்ளாகலாம்.

இவ்வளவு தடைகளும் இருமுறை தளர்ந்திருக்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனாவால் சிபிஎஸ்இ தேர்வுகள் நடுவில் நின்றன. மீதிப் பாடங்களை ஜூலை 1 முதல் 15 வரை நடத்தத் திட்டமிட்டபோது, பல மாணவர்கள் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். மே 27 அன்று அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் ரமேஷ் பொக்ரியால், வேறு மாவட்டத்துக்குப் போய்விட்ட மாணவர்கள் இருக்கும் மாவட்டத்திலேயே எழுதலாம் என்று அறிவித்தார். மாணவர் தன் பள்ளியிடம் கோரிக்கை வைக்க வேண்டும். பள்ளி அதை வாரியத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மையங்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ மூவாயிரத்திலிருந்து பதினைந்தாயிரமாக உயர்த்தவும் திட்டம் இருந்தது. தேர்வுகள் ரத்தாவதை ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றதால் அது நடைமுறையில் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை. 2021இலும் குடும்பத்தோடு ஊர் மாறியவர்களுக்காக, செய்முறைத் தேர்வு, எழுத்துத் தேர்வு இரண்டுக்கும் மைய மாற்றத்தைப் பள்ளி வழியாகவே கோரலாம் என்று மார்ச் மாதத்தில் வாரியம் அறிவித்தது. அந்த ஆண்டும் தேர்வுகள் ரத்தாயின.

ஆக, சோதிக்கப்படாவிட்டாலும் ஒரு வரைபடம் வாரியத்தின் கையிலேயே இருக்கிறது. கோரிக்கை பள்ளி வழியாக மட்டும் வர வேண்டும். ஒருமுறைதான். ஒரு கடைசித் தேதி உண்டு. மாவட்டத்தைத்தான் கேட்கலாம், பள்ளியை வாரியம் ஒதுக்கும். இந்தக் கடைசி நிபந்தனை, கோத்ரா எழுப்பிய அச்சத்துக்கு ஓரளவு பதிலாகவும் இருக்கிறது.

இதை வழக்கமான ஏற்பாடாகவே வைத்திருக்கும் நாடும் உண்டு. பிரிட்டனில் ஜிசிஎஸ்இ, ஏ லெவல் தேர்வுகளுக்கான வாரியங்களின் கூட்டமைப்பு, 'இடம் மாறிய தேர்வர்' என்றே ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது. தேர்வுக்குப் பெயர் பதிந்த பிறகு குடும்பம் வீடு மாறினால், பதிந்த பள்ளி ஒன்றாகவும் தேர்வு நடக்கும் பள்ளி இன்னொன்றாகவும் இருக்கலாம். பதிவு, பள்ளி தரும் மதிப்பெண், முடிவை அறிவிப்பது ஆகியவை பழைய பள்ளியின் பொறுப்பு. நாற்காலியும் வினாத்தாளும் கண்காணிப்பும் புதிய பள்ளியின் பொறுப்பு. விண்ணப்பத்தைப் பழைய பள்ளியே, புதிய பள்ளியின் சம்மதத்தைப் பெற்று இணையதளம் வழியாக அனுப்புகிறது. அங்கும் கடைசித் தேதி உண்டு. புதிய பள்ளி மறுக்கவும் செய்யலாம். ஆனால் கேள்வி கேட்பதற்கே இடமில்லை என்ற நிலை இல்லை.

இந்தியாவுக்கு இதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. தேர்வர் எண்ணிக்கை மிகப் பெரிது; வினாத்தாள் கசிவு இங்கே நாட்டையே உலுக்கும் செய்தி. ஆனால் முக்கியமான பிரிப்பு நமக்கும் பொருந்தும். செய்முறைத் தேர்வும் அகமதிப்பீடும் பழைய பள்ளியில் முடியட்டும். ஜனவரியில் மகள் மதுரைக்கு ஒருமுறை வந்து, பள்ளி முன்கூட்டியே குறித்த நாட்களில் செய்முறைத் தேர்வுகளை முடித்துக்கொண்டு திரும்பலாம். பிப்ரவரி, மார்ச்சில் நீளும் எழுத்துத் தேர்வு மட்டும் புதிய ஊரில் நடந்தால், மூன்று மாதப் பிரிவு சில நாள் பயணமாகச் சுருங்கிவிடும்.

அதற்குத் தேவையானது டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சிறு காலக்கெடு. அக்டோபர் தொடங்கி நவம்பர் முடிய தேதியிட்ட மாற்றல் உத்தரவு, பணியில் சேர்ந்த சான்று, புதிய ஊரின் வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் பள்ளி முதல்வர் சரிபார்த்து ஏற்றலாம். அரசுத் துறையும் பொதுத்துறை வங்கியும் தரும் மாற்றல் உத்தரவைச் சரிபார்ப்பது கடினமல்ல. தனியார் நிறுவன உத்தரவுக்கு வருங்கால வைப்பு நிதிப் பதிவோ சம்பளச் சீட்டோ துணைச் சான்றாகலாம். புதிய ஊரின் எந்த மையத்தில் அந்த மாணவியின் எல்லாப் பாடங்களுக்கும் ஏற்கெனவே வினாத்தாள் போகிறதோ, அங்கே மட்டும் இடம் தரலாம். தமிழ் போன்ற மொழிப் பாடம் அந்த ஊரில் எங்குமே இல்லையென்றால், கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கான காரணத்தை டிசம்பரிலேயே சொல்லிவிடலாம். மறுப்பாக இருந்தாலும், அந்தத் தேதியில் தெரிந்தால் குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்வதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியும்.

அப்படி ஒரு ஏற்பாடு வரும்வரை, நவம்பரில் மாற்றல் உத்தரவு பெறுபவர் செய்யக்கூடியது மூன்று. முதலாவது, பழைய பள்ளியின் முதல்வர் வழியாக வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புவது. தேர்வரின் பதிவு எண், பாடங்கள், மாற்றல் தேதி, புதிய மாவட்டம், இணைப்புச் சான்றுகள் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். ஏற்கப்படும் வாய்ப்பு குறைவு. ஆனால் பெற்றோர் நேரடியாக அனுப்பும் மின்னஞ்சலைவிடப் பள்ளி வழியாகச் செல்லும் கடிதத்துக்கு எடை கூடுதல். இரண்டாவது, பிள்ளையின் பொதுத்தேர்வைக் காரணம் காட்டித் தன் நிறுவனத்திடம் மார்ச் இறுதி வரை மாற்றலைத் தள்ளிவைக்கக் கேட்பது. பிள்ளையின் ஹால் டிக்கெட் வராவிட்டாலும், எல்.ஓ.சி.யில் பெயர் இருப்பதைப் பள்ளி சான்றளித்துத் தரலாம். மூன்றாவது, மாற்றுச் சான்றிதழை அவசரப்பட்டு வாங்கிவிடாமல் இருப்பது. எல்.ஓ.சி. முடிந்த பிறகு பழைய பள்ளியின் பெயரேட்டிலிருந்து பிள்ளையை நீக்கிவிட்டால், புதிய பள்ளி அனுமதி பெற்றுத் தர முடியாமல் கைவிரிக்கக்கூடும். அப்போது இரண்டு பள்ளிகளிலும் இடமில்லாமல் அந்த ஆண்டே சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.